கொள்முதல் பில்லில் 9,000 வரி கட்டியாச்சு, மறுபடி முழு வரியும் ஏன்?

பெயின்ட் கடை, விருத்தாசலம் | 15 மே 2025, காலை

ஏப்ரல் 18-ல் மொத்த வியாபாரியிடம் 20 லிட்டர் எமல்ஷன் பக்கெட் 20 எடுத்தேன். ஒன்று 2,500 வீதம் 50,000. அதுக்குக் கீழே சிஜிஎஸ்டி 9% 4,500, எஸ்ஜிஎஸ்டி 9% 4,500. மொத்தம் 59,000, பணமும் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த மாதத்திலேயே 20 பக்கெட்டும் வித்துப்போச்சு. பக்கெட்டுக்கு 3,000 வைத்து 60,000, வரி 10,800. "9,000 இன்புட் இருக்கு, மீதி 1,800 கட்டினால் போதும்" என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ரிட்டர்ன் போடுகிறவர் 10,800 முழுசாகக் கட்டச் சொல்கிறார். பில் கையில் இருக்கு. அப்புறம் அந்த 9,000 யாருடைய பணம்?

சிமென்ட் தம்பி | 15 மே

அண்ணே, பில்லில் உங்க ஜிஎஸ்டி நம்பர் இருக்கா பாருங்க. 33-ல் தொடங்குற 15 இலக்கம் சரியா இருந்தா இன்புட் உங்களோடதுதான். 1,800 மட்டும் கட்டச் சொல்லுங்க. உங்க ஆளு சும்மா பயமுறுத்துறாரு.

ரிட்டர்ன் போடுகிறவர் | 15 மே, மதியம்

நம்பர் பார்க்கச் சொன்னது சரி. "போதும்" என்றது சரியில்லை.

அந்த 9,000 என்னவென்று முதலில் பார்ப்போம். மொத்த வியாபாரி அதை உங்களிடம் வசூலித்தது அரசுக்காக. நீங்கள் வாடிக்கையாளரிடம் வாங்கிய 10,800-ம் அரசுக்காகத்தான். ஆனால் சரக்குக்கு உங்கள் கையில் ஏறிய மதிப்பு 10,000 ரூபாய்தான். அதற்கு 18 சதவீதம் 1,800. ஏற்கெனவே கட்டிய 9,000-ஐக் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டு என்பதுதான் இன்புட். ஆகவே அந்த 9,000-ஐச் சரக்கின் அடக்க விலையில் சேர்க்கக் கூடாது. உங்கள் அடக்கம் 50,000, லாபம் 10,000. அரசிடம் 9,000 வரவு நிற்கிறது. இதுவரை உங்கள் கணக்கில் தப்பில்லை.

அந்த வரவை எடுக்கப் பில் ஒன்று மட்டும் போதாது. சரக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். விற்றவர் அந்த பில்லைத் தன் விற்பனை ரிட்டர்னான GSTR-1-ல் ஏற்றி, அது போர்ட்டல் உங்களுக்குக் காட்டும் இன்புட் பட்டியலான GSTR-2B-யில் தெரிய வேண்டும். வரியை அவர் அரசுக்குக் கட்டியும் இருக்க வேண்டும். முன்பு 2B-யில் வராததற்கும் ஓரளவு கூடுதலாக எடுத்துக்கொள்ள இடம் இருந்தது. 2021-ல் அது 5 சதவீதம். 2022 ஜனவரி 1 முதல் அதுவும் கிடையாது. தம்பி சொல்வது அந்தப் பழைய நாள் நினைப்பாக இருக்கலாம்.

போர்ட்டலில் Returns Dashboard போய், ஏப்ரல் மாதம் தேர்ந்தெடுத்து, GSTR-2B திறந்து, B2B பட்டியலில் அந்த பில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஏப்ரலுக்கான 2B நேற்று, 14-ம் தேதி உருவாகியிருக்கும்.

பெயின்ட் கடை, விருத்தாசலம் | 15 மே, இரவு

பார்த்தேன். மற்ற இரண்டு பில் இருக்கு, இது இல்லை. வியாபாரிக்குப் போன் போட்டால் "ஜூலையில் வரும்" என்கிறார். ஏப்ரல் பில் ஏன் ஜூலையில் வரணும்?

ரிட்டர்ன் போடுகிறவர் | 16 மே

அப்படியென்றால் அவர் காலாண்டு ரிட்டர்ன் போடுகிறவர். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி வரை உள்ளவர்கள் QRMP எடுக்கலாம். ஏப்ரல், மே, ஜூன் மூன்றுக்கும் சேர்த்து GSTR-1-ஐ ஜூலை 13-க்குள் போட்டால் போதும். அப்படிப் போட்டால் உங்கள் பில் ஜூன் மாத 2B-யில்தான் தெரியும். அது ஜூலை 14-ல் உருவாகும்.

நீங்கள் மாதாமாதம் போடுகிறவர் என்பதால்தான் இடிக்கிறது. வரி கட்டும் ரிட்டர்னான 3B-யை ஏப்ரலுக்கு மே 20-க்குள் போட வேண்டும். வரவு இல்லாமல் 10,800 கட்டியாக வேண்டும். 9,000 எங்கும் போய்விடாது, ஜூன் மாத 3B-யில் எடுத்துக்கொள்ளலாம். அதுவரை இரண்டு மாதம் உங்கள் முதல் முடங்கும்.

2B-யில் இல்லாததைப் பார்த்தும் 3B-யில் கையால் 9,000 சேர்க்காதீர்கள். இரண்டுக்கும் வித்தியாசம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் போர்ட்டலே DRC-01C என்று விளக்கம் கேட்டு நிற்கும். அதற்குப் பதில் போடும் வேலையும் வட்டியும் 9,000-க்கு ஈடாகாது.

மொத்த வியாபாரம், சேலம் | 16 மே

எங்கள் பக்கமும் கேளுங்கள். காலாண்டுக்காரர்களுக்கு IFF என்று ஒரு வசதி இருக்கிறது. முதல் இரண்டு மாதமும், அடுத்த மாதம் 13-க்குள், ரிஜிஸ்டர் ஆன கடைகளுக்குப் போட்ட பில்லை மட்டும் ஏற்றலாம். மாதத்துக்கு 50 லட்சம் வரை. ஆனால் அது கட்டாயமில்லை. 200 கடைக்கு பில் போடுகிறவருக்கு அது மாதம் ஒரு கூடுதல் வேலை. கேட்டால் ஏற்றுவோம், கேட்காவிட்டால் பாதிப் பேர் ஏற்ற மாட்டார்கள்.

இன்னொன்று. பாதிக் கடைக்காரர்கள் சரக்கை வண்டியில் ஏற்றிய பிறகு வாட்ஸாப்பில் ஜிஎஸ்டி நம்பர் அனுப்புகிறார்கள். அதற்குள் பில் சில்லறை விற்பனையாகப் போய்விடும். அப்படிப் போனது உங்கள் 2B-யில் என்றைக்கும் வராது. பின்னால் திருத்த வேண்டுமென்றால் அடுத்த ரிட்டர்னில் சில்லறைத் தொகையைக் குறைத்து உங்கள் நம்பரில் பில்லைக் காட்ட வேண்டும். நம்பரை ஆர்டர் சொல்லும்போதே சொல்லிவிடுங்கள்.

சிமென்ட் தம்பி | 16 மே

சரி, 2B விஷயம் ஒத்துக்கிறேன். ஆனா இவ்வளவு தொந்தரவுக்கு பில் இல்லாம எடுக்கிறதே மேல். அதே சரக்கு பில் இல்லாம 54,000-க்குத் தர்றாங்க. 59,000 எங்கே, 54,000 எங்கே? 5,000 மிச்சம்.

ரிட்டர்ன் போடுகிறவர் | 17 மே

தம்பி, நீங்கள் ஒப்பிட வேண்டியது 59,000-ஐ அல்ல, 50,000-ஐ. கணக்கை முழுசாகப் போடுங்கள்.

பில்லோடு: வந்தது 70,800. வியாபாரிக்குக் கொடுத்தது 59,000. அரசுக்கு 1,800. கையில் 10,000.

பில் இல்லாமல்: வந்தது அதே 70,800. வியாபாரிக்கு 54,000. இன்புட் இல்லை, அரசுக்கு 10,800. கையில் 6,000.

5,000 மிச்சம் என்று நினைத்தது 4,000 நஷ்டம். பில் இல்லாத விலை 50,000-க்குக் கீழே வந்தால்தான் கணக்கே பேச ஆரம்பிக்கும். நீங்களும் பில் இல்லாமல் விற்றால் என்று அடுத்துக் கேட்பீர்கள். அது வரி ஏய்ப்பு. மாட்டினால் வரியோடு அதே அளவு அபராதமும் வட்டியும் வரும்.

மளிகை, காங்கேயம் | 18 மே

நானும் இதையேதான் கேட்க நினைத்தேன். நான் காம்போசிஷனில் இருக்கேன். வாங்கும் பில் எல்லாத்திலும் ஜிஎஸ்டி போடறாங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை 1 சதவீதம் கட்டறேன். அந்த 1 சதவீதத்தில் இந்த இன்புட்டைக் கழிச்சுக்கலாமா? எங்க ஏரியாவில் ஒருத்தர் கழிக்கலாம்னு சொன்னார்.

ரிட்டர்ன் போடுகிறவர் | 18 மே

கழிக்க முடியாது ஐயா. இங்கே பேசுவது சாதாரண ரிஜிஸ்ட்ரேஷன் உள்ள கடை பற்றி. காம்போசிஷனில் இன்புட் கிடையாது, வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கவும் முடியாது. உங்களுக்கு பில்லில் உள்ள வரி முழுக்க அடக்க விலைதான். வரியோடு 52,500-க்கு வாங்கினால் அடக்கம் 52,500.

ஆனால் அதனால் நஷ்டம் என்று முடிவு கட்ட வேண்டாம், லாபம் என்றும் நினைக்க வேண்டாம். எந்தச் சரக்கு, எவ்வளவு மார்ஜின் என்பதைப் பொறுத்தது.

மேலே உள்ள பெயின்ட் கணக்கையே எடுங்கள். அதே 70,800-க்கு காம்போசிஷன் கடை விற்றால் 59,000 அடக்கம், 1 சதவீதமாக 708 வரி. கையில் 11,092. சாதாரண ரிஜிஸ்ட்ரேஷனில் 10,000. காம்போசிஷன்தான் மேல். 18 சதவீதச் சரக்கில் வரியில்லா விலைக்கு மேல் சுமார் 7 சதவீதம் லாபம் வைத்தாலே காம்போசிஷன் ஜெயித்துவிடும்.

5 சதவீதச் சரக்கில் தலைகீழ். 50,000-க்கு வாங்கினால் வரி 2,500. 10 சதவீத மார்ஜினில் 55,000, வரியோடு 57,750-க்கு விற்கிறீர்கள். சாதாரண கடை கட்டுவது 2,750-ல் 2,500 போக 250. காம்போசிஷன் கட்டுவது 577 ரூபாய் 50 காசு. இதில் காம்போசிஷன் ஜெயிக்க மார்ஜின் சுமார் 26.6 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். மளிகையில் அது எங்கே கிடைக்கும்? வரியே இல்லாத அரிசி, பருப்புச் சில்லறைக்கு அந்த 1 சதவீதம் கிடையாது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

மளிகை, காங்கேயம் | 19 மே

577-க்கும் 250-க்கும் வித்தியாசம் 327. மாசம் மாசம் ரிட்டர்ன் போட ஆளுக்குக் கொடுப்பதே அதைவிட அதிகம். நான் இப்படியே இருந்துக்கிறேன்.

ரிட்டர்ன் போடுகிறவர் | 19 மே

நியாயம்தான். ஆனால் அது 50,000 சரக்குக்கு வந்த வித்தியாசம். மாதம் 5 லட்சம் எடுத்தால் 3,275 ஆகும். அந்த அளவில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள்.

பெயின்ட் கடை, விருத்தாசலம் | 19 மே

அப்படியானால் நானே காம்போசிஷனுக்குப் போய்விடலாம் போலிருக்கே. 11,092 என்று சொல்லிவிட்டீர்களே.

மொத்த வியாபாரம், சேலம் | 19 மே

போகலாம். உங்களிடம் பெயின்ட் எடுப்பது யார் என்று முதலில் பாருங்கள். வீட்டுக்காரர்கள் என்றால் சரி. பில் கேட்கும் கான்ட்ராக்டர்கள் என்றால் அவர்களுக்கும் 9,000 மாதிரி ஒரு வரவு வேண்டும். உங்களால் தர முடியாது. அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

ரிட்டர்ன் போடுகிறவர் | 19 மே, பின்குறிப்பு

நடு ஆண்டில் மாற முடியாது. அடுத்த ஏப்ரலில் இருந்து வேண்டுமென்றால் மார்ச் 31-க்குள் CMP-02 போட வேண்டும். அன்றைக்குக் கடையில் நிற்கும் சரக்குக்கு எடுத்த இன்புட்டைத் திருப்பிக் கட்டவும் வேண்டும். சரக்கு தேங்கியிருக்கும் நேரத்தில் மாறினால் அதுவே பெரிய தொகை.

அதைவிட இன்னொரு வழி பாருங்கள். உங்கள் விற்றுமுதலும் 5 கோடிக்குள்தானே? நீங்களும் காலாண்டுக்கு மாறலாம். ஜூலை காலாண்டுக்கு இந்த மே 1 முதல் ஜூலை 31 வரை தேர்வு செய்யலாம். அப்போது இருவரும் ஒரே காலாண்டுக்குக் கணக்கு முடிப்பதால் இந்த இடைவெளி குறையும். முதல் இரண்டு மாதத்துக்கு 25-ம் தேதிக்குள் ஒரு தொகை கட்டித்தான் ஆக வேண்டும். போர்ட்டல் காட்டும் நிலையான தொகையைக் கட்டலாம், இல்லை உண்மைக் கணக்குப்படி கட்டலாம். மாதாமாதம் போட்டு வந்த உங்களுக்கு முதல் காலாண்டில் நிலையான தொகை என்பது போன காலாண்டின் கடைசி மாதம் பணமாகக் கட்டியது முழுசும், அதற்குப் பிறகு போன காலாண்டில் பணமாகக் கட்டியதில் 35 சதவீதம். ஆனால் அப்புறம் உங்கள் கான்ட்ராக்டர்கள் உங்களைப் பார்த்து "IFF ஏற்றினீர்களா?" என்று கேட்பார்கள்.

சிமென்ட் தம்பி | 20 மே

நான் செய்யறது ஒண்ணு சொல்றேன். வியாபாரிக்கு 50,000 உடனே கொடுத்துருவேன். வரி 9,000-ஐ 2B-யில் வந்த பிறகு கொடுப்பேன். பிரச்சினையே இல்ல.

மொத்த வியாபாரம், சேலம் | 20 மே

தெரிந்தவர்களுக்குள் நடக்கும். ஒரேயடியாக எல்லோரும் பிடித்து வைத்தால் எங்களுக்கு ரொட்டேஷன் நின்றுவிடும். புது வியாபாரி என்றால் நியாயமான ஏற்பாடு.

ரிட்டர்ன் போடுகிறவர் | 21 மே

வைத்துக்கொள்ளலாம், ஆனால் மறந்துவிடக் கூடாது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் விலையும் வரியும் சேர்த்து வியாபாரிக்குப் போய்ச் சேர வேண்டும். ஏப்ரல் 18 பில்லுக்கு அந்த 180-ம் நாள் அக்டோபர் 15. அதற்குள் முழுசும் போகாவிட்டால், போகாத பங்குக்கு எடுத்த இன்புட்டை அடுத்த ரிட்டர்னில் வட்டியோடு திருப்ப வேண்டும். 59,000-ல் பாதி, 29,500 மட்டும் கொடுத்திருந்தால் 4,500 திரும்பும். 3B-யில் 4(B)(2)-ல் காட்டுங்கள். பாக்கியைக் கொடுத்த பிறகு அந்த 4,500-ஐ மறுபடி எடுத்துக்கொள்ளலாம். 4(B)(1)-ல் போட்டுவிட்டால் அது நிரந்தரமாகப் போனது என்று அர்த்தம்.

4(B)(1)-க்கு உதாரணம் வேண்டுமா? கடைப் பக்கெட்டில் ஒன்றைச் சொந்த வீட்டுக்கு அடித்தால் அதற்கான 450 அங்கே போக வேண்டும். உடைந்து கொட்டிப்போன பக்கெட்டுக்கும் அதேதான்.

2B-யில் வந்துவிட்டது என்பதோடும் முடியவில்லை. வியாபாரி GSTR-1 ஏற்றிவிட்டு 3B போடாமல், வரி கட்டாமல் விட்டால்? பில் உங்கள் 2B-யில் அழகாகத் தெரியும், பணம் அரசுக்குப் போயிருக்காது. 2025-26 பில்லுக்கு அடுத்த ஆண்டு செப்டம்பர் 30 வரை அவர் அந்த 3B-யைப் போடாவிட்டால், நவம்பர் 30-க்குள் நீங்கள் இன்புட்டைத் திருப்ப வேண்டும். புது வியாபாரியிடம் வாங்குவதற்கு முன் போர்ட்டலில் Search Taxpayer-ல் அவர் நம்பரைப் போட்டுப் பாருங்கள். ரிட்டர்ன் போட்ட மாதங்களும் தேதிகளும் கீழே தெரியும். மூன்று நான்கு மாதம் 3B விட்டுப்போயிருந்தால் விலை குறைவாகச் சொன்னாலும் யோசியுங்கள்.

சிமென்ட் தம்பி | 21 மே

வியாபாரி கட்டாததுக்கு நான் ஏன் கட்டணும் மேடம்? நான் அவருக்குக் கொடுத்தது பேங்க் வழியா.

ரிட்டர்ன் போடுகிறவர் | 22 மே

நியாயமான கேள்வி. கோர்ட்டுகளில் இதைச் சொல்லி வாங்கியவருக்குச் சாதகமாகவும் தீர்ப்பு வந்திருக்கிறது, பாதகமாகவும் வந்திருக்கிறது. சட்டத்தில் அந்த நிபந்தனை அப்படியேதான் இருக்கிறது. 9,000-க்காகச் சின்னக் கடை கோர்ட்டுக்குப் போக முடியாது என்பதால்தான் முன்கூட்டியே பார்க்கச் சொல்கிறேன்.

பெயின்ட் கடை, விருத்தாசலம் | 15 ஜூலை 2025

ஜூன் 2B-யில் வந்துவிட்டது. 4,500, 4,500. பில் தேதி ஏப்ரல் 18 என்றே இருக்கு. ஜூன் 3B-யில் எடுக்கலாம்தானே? IMS-ல் ஏதாவது அழுத்தணுமா?

ரிட்டர்ன் போடுகிறவர் | 15 ஜூலை

எடுக்கலாம். பில் தேதி ஏப்ரல் என்பதால் தடையில்லை. 2025-26 பில்லுக்குக் கடைசி வாய்ப்பு 2026 நவம்பர் 30, அதற்கு முன்பே ஆண்டு ரிட்டர்ன் போட்டால் அந்த நாள். வந்த பில்லை ஏற்கவோ மறுக்கவோ போர்ட்டலில் உள்ள பக்கம்தான் IMS, அதில் நீங்கள் எதுவும் செய்யாவிட்டாலும் ஏற்றுக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளும். உங்களுக்குச் சம்பந்தமில்லாத பில் இருந்தால் மட்டும் Reject கொடுங்கள். யோசிக்காமல் கொடுத்தால் உங்கள் இன்புட்தான் போகும்.

சிஜிஎஸ்டி வரவை எஸ்ஜிஎஸ்டி பாக்கிக்குப் பயன்படுத்த முடியாது. அதனதன் கணக்கில் கழியும், மிஞ்சினால் ஐஜிஎஸ்டி பாக்கிக்குப் போகும். ஐஜிஎஸ்டி வரவு இருந்தால் அது முதலில் போகும், இரண்டு பக்கமும் போகும்.

பைப் கடை, கடலூர் | 17 ஜூலை

ஐஜிஎஸ்டி பேச்சு வந்ததால் கேட்கிறேன். பாண்டிச்சேரியில் போய் பிவிசி பைப் எடுத்தேன், என் வண்டியிலேயே கொண்டு வந்தேன். 40,000, வரி 3,600-ம் 3,600-ம். என் நம்பர் 33-ல் தொடங்குது, பில்லில் சரியாகவே இருக்கு. 2B-யில் பில் தெரியுது, ஆனால் ITC Not Available என்ற பக்கத்தில் இருக்கு. வியாபாரி ரிட்டர்னும் போட்டிருக்கார். என்ன கோளாறு?

ரிட்டர்ன் போடுகிறவர் | 17 ஜூலை

புதுச்சேரி 34, நீங்கள் 33. அங்கே வசூலித்த சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி இரண்டும் அந்த மாநிலத்துக்குள் நடந்த விற்பனைக்கு உரியவை. அந்த வரவைத் தமிழ்நாட்டு ரிஜிஸ்ட்ரேஷனில் எடுக்க முடியாது. அதனால்தான் போர்ட்டலே அந்தப் பக்கத்துக்குத் தள்ளியிருக்கிறது. இதே சரக்கு கடலூருக்கு வருவதாக பில் போட்டு ஐஜிஎஸ்டி 7,200 என்று வசூலித்திருந்தால் முழுசும் உங்களுக்கு வந்திருக்கும்.

பைப் கடை, கடலூர் | 17 ஜூலை

அவரிடம் கேட்டால் "கடையில் வந்து நீங்களே ஏற்றிக்கொண்டு போனால் உள்ளூர் விற்பனைதான்" என்கிறார்.

மொத்த வியாபாரம், சேலம் | 18 ஜூலை

எல்லையோரக் கடைகளில் இந்த வாதம் எப்போதும் உண்டு. ஓசூர்காரர்கள் பெங்களூரில் வாங்கும்போதும் இதே கதை. கவுன்டரில் சரக்கைக் கைமாற்றினால் சப்ளை அங்கேயே முடிந்தது என்கிறார்கள் சிலர். வாங்கியவர் கடை வரை சரக்கு போகிறது என்றால் அதுதான் சேரும் இடம் என்கிறார்கள் மற்றவர்கள். வாங்குபவர் வெளிமாநில நம்பர் கொடுத்தால் நான் ஐஜிஎஸ்டிதான் போடுவேன்.

ரிட்டர்ன் போடுகிறவர் | 18 ஜூலை

நானும் அந்தப் பக்கம்தான், ஆனால் எல்லா வியாபாரியும் ஒப்புக்கொள்வதில்லை. அதனால் வாங்குவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். பில்லில் டெலிவரி முகவரியாகக் கடலூர் கடையைப் போடச் சொல்லுங்கள். வெளிமாநிலச் சரக்கு 50,000-ஐத் தாண்டினால் இ-வே பில்லும் கடலூருக்கே எடுக்க வேண்டும், அதுவே ஆதாரமாக நிற்கும்.

இப்போது கையில் உள்ள பில்லுக்கு, அவர் சம்மதித்தால் கிரெடிட் நோட் போட்டு ஐஜிஎஸ்டியோடு புது பில் கொடுக்கலாம். சம்மதிக்காவிட்டால் 7,200-ஐ அடக்கத்தில் சேர்த்து, பைப் அடக்கம் 47,200 என்று வைத்து விலை போடுங்கள். 40,000 என்று நினைத்து விற்றால் லாபம் போய்விடும்.

பைப் கடை, கடலூர் | 21 ஜூலை

கிரெடிட் நோட் தர ஒத்துக்கொண்டார். ஆனால் பாதி பைப் வித்துவிட்டேன். மீதி இருக்கும் சரக்குக்கு மட்டும் போடணுமா, முழு பில்லுக்குமா?

ரிட்டர்ன் போடுகிறவர் | 21 ஜூலை

முழு பில்லுக்கும். திருத்துவது வரி வகையைத்தான், சரக்கு அவருக்குத் திரும்பிப் போகவில்லை. கிரெடிட் நோட்டில் பழைய பில் எண்ணும் தேதியும் இருக்கட்டும். புது பில் எண் உங்கள் 2B-யில் இன்புட் கிடைக்கும் பக்கத்தில் வந்த மாதம் 7,200-ஐ எடுங்கள். பழைய பில்லில் நீங்கள் எதுவும் எடுக்கவில்லை என்பதால் திருப்ப ஒன்றுமில்லை.